எங்கள் வீட்டு நடவாள்

நாற்று முடியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பது எங்கள் கயல். யூகேஜி, ஐந்து வயது. இந்த வருடம் பள்ளியில் மாறுவேடப் போட்டிக்கு ‘நமக்கு உதவுவோர்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நிற்கும் போலீசும் டாக்டரும் அவளுடைய சிநேகிதர்கள். அவர்கள் வீட்டில் கேட்காமல் படம் போடக் கூடாது என்பதால் முகத்தை மறைத்திருக்கிறேன். வேஷம் இரண்டு பேருக்குமே பிரமாதம்.

முதலில் நாங்களும் நர்ஸ் வேஷம்தான் யோசித்தோம். மன்னார்குடியில் வாடகைக்கு உடை எடுத்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். கயல்தான் ஒரே பிடிவாதம். “நான் அப்பாயி வேஷம் போடுறேன்.” அப்பாயி யாருக்கு என்னம்மா உதவி செய்கிறார் என்று கேட்டேன். “நீ சாப்பிடுறல்ல?” என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அப்பாயி என்றால் என் அம்மா. நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் நாற்பது வருடத்துக்கு மேல் நடவு நட்டவர். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் போதும், ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். இப்போது ஊரில் பாதி வயலுக்கு நடவு மிஷின் இறங்கிவிட்டது. சிலர் நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் கை நடவு என்று யாராவது கூப்பிட்டால் அம்மா இன்னமும் கிளம்பிவிடுகிறார். பேத்தி சொன்னதைக் கேட்டதும் அவருக்கு முகமே மாறிப்போனது. “போயும் போயும் சேத்துல நிக்கிறவ வேஷமா? புள்ளைய டாக்டரா நிறுத்துப்பா” என்று என்னைத்தான் திட்டினார். ஒரு நாள் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. மறுநாள் பெட்டியைத் திறந்து, தன் பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்துக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார்.

புடவைக்கு மேல் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டை என் அப்பாவுடையது. நடவுக்கு வரும் பெண்கள் புடவை மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள், வெயிலுக்கும் சேற்றுக்கும். கயலுக்கு அந்தச் சட்டை முழங்காலுக்கும் கீழே போனது. அம்மா இடுப்பில் ஒரு மடிப்பு வைத்துத் தைத்தார், கையை நான்கு சுற்று மடித்துவிட்டார். தலையில் துண்டுச் சும்மாடு. காலில் இருப்பது நிஜச் சேறுதான். நான் சந்தனமும் காபித்தூளும் குழைத்துப் பூசலாம் என்றேன், அம்மா ஒப்பவில்லை. காலையிலேயே வயலுக்குப் போய் ஒரு டப்பாவில் அள்ளிவந்து, பள்ளி வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்து தன் கையாலேயே பேத்தி காலில் பூசிவிட்டார். நாற்றும் நிஜம். பக்கத்துக் கொல்லையில் குறுவை நடவு முடிந்து மிஞ்சிய ஆடுதுறை 43.

ஒரு வாரம் வீட்டில் பயிற்சி நடந்தது. நான் எழுதிக் கொடுத்த நான்கு வரியை மூன்றாம் நாளே அவள் கைவிட்டுவிட்டாள். சாயங்காலம் அப்பாயியும் அவளும் கொல்லைப்புறம் போய்விடுவார்கள். நாற்று முடியை இடது கையில் எப்படிப் பிடிப்பது, கட்டைவிரலால் இரண்டு மூன்று நாற்றை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது, வேரை விரல் நுனியோடு சேற்றில் எப்படி இறக்குவது என்று பாடம் ஓடும். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். கயல் ஒரே குத்தில் பத்து நாற்றைச் சேர்த்து நட, அம்மா அத்தனையையும் பிடுங்கிக் கையில் கொடுத்து “மறுபடி” என்றார். எனக்கு வீட்டுக்கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுகூட அம்மா இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

சரி, மேடைக்கு வருகிறேன். பெயர் கூப்பிட்டதும் ஓடிப்போய்க் குனிந்து நட ஆரம்பித்தாள். மைக்கில் ஒரு வார்த்தை இல்லை. நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போகிறாள். மேடையின் பின்திரையில் முட்டிவிடுவாளோ என்று பயந்து மிஸ், “முன்னாடி வாம்மா, எல்லாருக்கும் தெரியணும்ல” என்றார். கயல் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “முன்னாடி வந்தா நட்டத மிதிச்சிருவேன் மிஸ். நடவுன்னா பின்னாலதான் போவணும்.”

அரங்கம் முழுக்கக் கைதட்டல். என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. நடுவராக வந்திருந்த பெண்மணி சிரித்துக்கொண்டே, “ஏன் இவ்ளோ மேலாக நடுற? ஆழமா வச்சா சாயாம நிக்குமே” என்று கேட்டார். ஒரு நொடி யோசித்தாள். கூட்டத்தில் அப்பாயி எங்கே என்று கண்ணால் தேடினாள். “ஆழமா நட்டா தூர் கட்டாது. மேலாக நட்டாத்தான் நெறைய தூர் கட்டும்.” நான் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

முதல் பரிசு தபால்காரர் தம்பிக்கு. அவன் உண்மையிலேயே எல்லாருக்கும் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தான், கயலுக்கும் ஒன்று வந்தது, அதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். நம்மவளுக்கு இரண்டாம் பரிசு. பரிசாக வந்த மூடி போட்ட சாப்பாட்டு டப்பாவை நேராக எடுத்துப்போய் அப்பாயி கையில் கொடுத்து, “நடவுக்குப் போறப்ப இதுல சோறு எடுத்துட்டுப் போ” என்றாள்.

இரவு இன்னொன்று நடந்தது. நடவுக்குப் போய் வந்த நாளெல்லாம் அம்மா சேற்றுப்புண்ணுக்காகக் கால் விரல் இடுக்கில் மருதாணி அரைத்து வைத்துக்கொள்வார். கயல் அவர் முன்னால் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். “நானும் நட்டேன்ல, எனக்கும் வையி.” புண் எதுவும் இல்லாத அந்தப் பத்து விரல் இடுக்கிலும் அம்மா பொறுமையாக வைத்துவிட்டார். வைத்து முடிக்கும் முன்னாலேயே தூங்கிப்போனாள். இரண்டாவது படத்தில் சிவந்திருப்பது அந்தக் கால்தான்.

மூன்றாவது படம் இன்று காலை எடுத்தது. மேடையில் நட்ட நாற்றை அம்மா ஒன்றுவிடாமல் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார், நாற்றை வீணாக்கக் கூடாதாம். அடிபம்புத் தண்ணீர் தேங்கும் இடத்தைக் கொத்திச் சேறாக்கி, அப்பாயியும் பேத்தியுமாக நட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தோரு குத்து. எல்லாம் மேலாகத்தான்.