கர்ப்பகாலத்தில் பரீட்சை இருக்கை வசதியும் வரவுச் சலுகையும் கோரல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
08.09.2025

தலைவர்,
வணிகவியல் துறை.

மதிப்பிற்குரிய மேடம்,

நான் மூன்றாம் வருடம் கணக்கியல் சிறப்புக் கற்கை மாணவி. தற்போது 26 வாரக் கர்ப்பிணி. பிரசவத் திகதியை டிசம்பர் 15 எனக் குறித்துத் தந்திருக்கிறார்கள். நமது பருவப் பரீட்சை நவம்பர் 10இல் தொடங்கி 28இல் முடிகிறது. அதாவது முதல் வினாத்தாளுக்கு நான் 35 வாரத்தில் வந்து உட்காருவேன். பரீட்சையைத் தள்ளிப்போடும் எண்ணம் எனக்கில்லை. வகுப்புத் தோழிகளோடு சேர்ந்தே எழுதி முடிக்கத்தான் விரும்புகிறேன். அதற்குத் துறையிடமிருந்து இரண்டு விடயங்களில் உதவி வேண்டும்.

முதலில் இருக்கை. வழக்கமாக நாங்கள் எழுதும் மண்டபம் மூன்றாம் மாடியில் இருக்கிறது, லிப்ட் இல்லை. படியைக்கூட மெதுவாக ஏறிவிடலாம், கதிரைதான் பெரிய பிரச்சினை. கையோடு எழுதுபலகை பொருத்திய அந்தக் கதிரையில் போன மாத இடைப் பரீட்சைக்கே பலகையை முழுதாக இறக்க முடியவில்லை. வயிற்றில் முட்டிக்கொண்டு சரிந்து நின்றது. பேரேட்டுத் தாளை மடியில் வைத்துத்தான் கணக்குச் செய்தேன். நவம்பரில் அதுவும் முடியாது. எனவே கீழ்த்தளத்து அறையொன்றில், கழிவறைக்குக் கிட்டிய வரிசை ஓரத்தில், தனி மேசையும் சாய்மானமுள்ள சாதாரணக் கதிரையும் தந்தால் போதும். கீழ்த்தளத்துக் கருத்தரங்கு அறையில் அப்படியான மேசைகள் கிடக்கின்றன. மேற்பார்வைக்குத் தனி ஆள் ஒதுக்குவது சிரமமென்றால், ஏற்கெனவே கீழே பரீட்சை நடக்கும் வேறொரு பிரிவோடு என்னை உட்கார வைத்தாலும் சரி.

மூன்று மணி நேரத் தாளில் இரண்டு மூன்று தடவையாவது கழிவறைக்குப் போக வேண்டிவரும். முதல் அரை மணி நேரமும் கடைசிப் பதினைந்து நிமிடமும் யாரும் வெளியே போகக்கூடாது என்ற விதியை எனக்குத் தளர்த்தி, பெண் மேற்பார்வையாளர் ஒருவருடன் போய்வர அனுமதிக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலும் சில பிஸ்கட்டும் மேசையில் வைத்திருக்க விரும்புகிறேன். உறையைப் பிரித்துச் சோதித்துவிட்டே தரலாம். மேலதிக நேரம் கேட்கவில்லை.

அடுத்தது வரவு. எனது கிளினிக் புதன்கிழமை காலையில். 28 வாரம் வரை மாதம் ஒருமுறை, அதன் பின் இரு வாரத்துக்கு ஒருமுறை, 36 வாரத்திலிருந்து வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இவை தவிர சீனிப் பரிசோதனை நாளொன்றும் இருக்கிறது. வெறும் வயிற்றோடு போய், குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுக்கும்போதே காலை போய்விடும். புதன் காலையில்தான் வரிவிதிப்பு விரிவுரையும் அதன் பயிற்சி வகுப்பும் நடக்கின்றன. இதனால் மற்றப் பாடங்களில் எனக்குப் பிரச்சினையில்லை, வரிவிதிப்பில் மட்டும் 80 வீதத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

கிளினிக் அட்டையில் திகதி பதிந்த நாட்களை மருத்துவ விடுப்பாகக் கணக்கில் எடுக்குமாறு கேட்கிறேன். தவறும் பயிற்சி வகுப்புக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை ‘பி’ குழுவுடன் உட்காரத் தயார். அந்த விரிவுரையாளரிடம் பேசினேன், துறை அனுமதித்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பரீட்சை நாளில் கிளினிக் விழுந்தால் கிளினிக்கை நானே வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைப்பது நல்லது. குழந்தை முந்திக்கொண்டால் சில தாள்கள் விடுபடலாம். அப்படி நடந்தால் வைத்தியசாலைச் சான்றிதழை வீட்டார் உடனே கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். விடுபட்ட தாள்களை அடுத்த அமர்வில் முதல் தடவைத் தோற்றமாகவே எழுத இடமளிக்க வேண்டும். மீளத் தோற்றுபவராகக் கணித்தால் எவ்வளவு எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது. இதுவரை எடுத்த பெறுபேற்றுக்கு அது பெரிய அடி.

பரீட்சை அனுமதிக்கான வரவுப் பட்டியல் ஒக்டோபர் நடுப்பகுதியில் தயாராகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு முன் எழுத்தில் ஒரு பதில் கிடைத்தால், ஒவ்வொரு தாளன்றும் மண்டப வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. நேரில் வரச் சொன்னால் செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் வர முடியும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தர்ஷிகா நிரோஷன்
பதிவிலக்கம் 22/வணி/147

இணைப்பு: வைத்தியரின் கடிதம், கிளினிக் அட்டையின் பிரதி, இந்தப் பருவ நேரசூசி
பிரதி: பரீட்சைப் பிரிவு, உதவிப் பதிவாளர்