கரைமேல் ஒரு தறி – அத்தியாயம் 24

வாசகர்களுக்கு: 23ஆம் அத்தியாயத்தை எழுதி 14 மாதங்கள் ஆகின்றன. அம்மா படுத்த படுக்கையான பிறகு கதைப் பக்கம் திரும்ப மனம் வரவில்லை. காமாட்சி என்ன ஆனாள் என்று விடாமல் விசாரித்தவர்களை நான் மறக்க மாட்டேன். கதைக்குள்ளும் காலம் ஓடிவிட்டது. 2019 வைகாசி, குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் நிறுத்தினேன். இது 2021 கார்த்திகை. பழையதைத் தேடிப் படிக்காமல் இங்கிருந்தே தொடரலாம்.

*

தீபத்துக்காகக் கழுவி வைத்திருந்த அகல் விளக்குகளைத்தான் காமாட்சி முதலில் பரண்மேல் ஏற்றினாள். பிறகு அரிசி. மோர்தானா அணை நிரம்பி வழிகிறது, கவுண்டன்ய ஆற்றங்கரையில் இருப்பவர்கள் வீட்டை விட்டு வெளியேறுங்கள் என்று விடியற்காலையிலேயே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள்.

அப்பா தறியை விட்டு எழவில்லை.

மூன்று தறி ஓடிய வீடு. இப்போது ஒன்றுதான். மற்ற இரண்டும் இருந்த இடத்தில், குழியை மூடிய சிமெண்டு மட்டும் வேறு நிறத்தில் தெரிகிறது. அவற்றை விற்று விசைத்தறி போடலாம் என்று கேட்டதற்காகத்தான் தம்பி செந்திலை அப்பா வெளியே போகச் சொன்னார். அம்மன் சிரசு தெருவில் வந்துகொண்டிருந்தது; அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தவன் திரும்பவில்லை. மறு வருடம் ஊரடங்கு. லுங்கிக்கு நூல் வரவில்லை. அதே இரண்டு தறிகளை அப்பாவே விறகு விலைக்குக் கொடுத்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாகச் செந்தில் அவளுக்கு எழுதினான். முதல் கடிதத்தில் வேலூர் மாவட்டம் என்றிருந்த முகவரி, மாவட்டம் பிரிந்த பிறகு திருப்பத்தூர் மாவட்டம் என்று மாறியது. அப்பாவுக்குத் தெரியாமல் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். போன வருடத் தீபாவளிக்குப் பிறகு கடிதமே இல்லை. நோய்க் காலம், யாரிடம் கேட்பது? எத்தனையோ இரவு அழுதிருக்கிறாள்.

"அப்பா, குழியில் தண்ணீர் ஊறுகிறது. எழுந்திருங்கள்."

முழங்கால் வரை நனைந்தும் அவர் மிதிகட்டையிலிருந்து காலை எடுக்கவில்லை. நீலக் கட்டம் போட்ட பாவு, பாதி நெய்தபடி இருந்தது.

"பாவை அறுத்து எடுத்துவிடலாமா?"

"பாவு கிடக்கட்டும்."

குனிந்து, குழிச் சுவரில் தார்க்குழல் வைக்கும் மாடத்துக்குள் கையை விட்டார். பிளாஸ்டிக் பை ஒன்று வந்தது. நூல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இதை முதலில் மேலே வை."

பைக்குள் உறைகள். மேலே இருந்ததில் அவள் பெயர்; செந்திலின் சாய்ந்த எழுத்து. திருப்பத்தூர் மாவட்டம்.

தபால்காரர் கொண்டுவந்ததை வாசலிலேயே வாங்கி வைத்திருக்கிறார். ஓராண்டுக் கடிதங்கள். அத்தனையும் பிரித்துப் படிக்கப்பட்டிருந்தன.

(தொடரும்)