இரட்டை அடுக்குக் குடை, 27 அங்குலம், கறுப்பு நிறம்

அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கடலூரிலும் புதுச்சேரியிலும் மழை தனியாக வருவதில்லை. கடற்காற்றையும் உடன் அழைத்துக்கொண்டே வருகிறது. பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி வாசலிலும் கடைத்தெருவிலும் நடந்து செல்பவர்களுக்காக, அந்தக் காற்றையும் கணக்கில் எடுத்துச் செய்யப்பட்டது இந்தக் குடை. மடக்கிய நிலையில் இதன் நீளம் 92 செ.மீ., எடை 540 கிராம். கைப்பைக்குள் அடங்கும் குடையைத் தேடுபவர்களுக்கு இது ஏற்றதன்று.

குடைத்துணி நெருக்கமாக நெய்யப்பட்ட பாலியஸ்டர். அதன் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சும், வெளிப்புறத்தில் நீர்த்துளியை உருட்டிவிடும் மெல்லிய பூச்சும் தரப்பட்டுள்ளன. நீர் புகாத் திறன் 1,000 மி.மீ. என்று குறிப்பிட்டிருப்பதற்குப் பொருள், துணியின்மேல் ஒரு மீட்டர் உயரத்திற்கு நீரை நிறுத்தினாலும் அதன் அழுத்தத்தால் நீர் கசியாது என்பதாகும். சரிந்த துணியில் விழுந்தவுடன் வழிந்துவிடும் மழைக்கு இது தாராளம். எனினும் எட்டுத் துண்டுகளை இணைக்கும் தையலில் ஊசித்துளைகள் இருக்கவே செய்யும். தையலின்மேல் பட்டை ஒட்டப்படவில்லை. கொட்டும் மழையில் நெடுநேரம் நின்றால் தையல் ஓரத்தில் ஈரம் கோக்கக்கூடும். ஆகவே ‘நூறு சதவீதம் நீர் புகாது’ என்ற வாசகத்தை அட்டையில் அச்சிடவில்லை.

குடைகளின் அளவைப் பற்றிக் கடைகளில் குழப்பம் உண்டு. 27 அங்குலம் என்பது ஒரு கம்பியின் நீளம். விரித்த குடையின் அகலம் அன்று. எதிரெதிர் முனைகளுக்கு இடையே குடையின் வளைவின்மேல் நாடா வைத்து அளந்தால் 137 செ.மீ. வரும், நேர்க்கோட்டில் அளந்தால் 120 செ.மீ. வரும். நனையாமல் காப்பது இரண்டாவது அளவுதான் என்பதால் அதையே இங்கு அளவாகக் கொள்கிறோம். நேராகப் பெய்யும் மழையில் இருவர் தோளோடு தோள் ஒட்டி நடக்கலாம். காற்றில் 45 டிகிரி சாய்ந்து அடிக்கும் மழையிலோ, குடையை நிமிர்த்திப் பிடித்தால், நடுவில் நிற்பவர்மீதும் குடையின் விளிம்புக்கு 60 செ.மீ. கீழே சாரல் பட்டுவிடும். காற்று வரும் திசைக்குச் சாய்த்துப் பிடித்தால் ஒருவருக்கு இடுப்பு வரை காப்பு கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே எந்தக் குடையும் உதவாது.

மேல்துணி இரண்டு அடுக்காக உள்ளது. அடியில் புகும் காற்று அவற்றிடையே உள்ள திறப்பின் வழியே வெளியேறிவிடுவதால், குடை மேல்நோக்கி இழுக்கப்படுவது குறைகிறது. தண்டும் எட்டுக் கம்பிகளும் கண்ணாடி இழையால் ஆனவை. உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல், வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புபவை. மணிக்கு 50 கி.மீ. வேகம் வரையிலான காற்றைத் தாங்கும் வகையில் குடை வடிவமைக்கப்பட்டுள்ளது. அதையும் மீறிப் பின்புறமாகப் புரண்டுவிட்டால், கம்பியைக் கையால் இழுக்காமல், மூடுவதுபோல, தண்டின்மேல் ஏறி இறங்கும் வளையத்தை மெல்லக் கீழே இறக்கினால் சரியாகிவிடும். புயல் என்று வானிலைத் துறை வகைப்படுத்துவது மணிக்கு 62 கி.மீ. வேகத்திலிருந்து தொடங்குகிறது, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் இந்தக் குடையை நம்பிக் கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டாம். இடி மின்னலின்போது, தண்டு உலோகம் இல்லை என்பதற்காக வெட்டவெளியில் நிற்பதும் கூடாது. இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து குடை பிடிப்பது ஆபத்தானது. அவ்வாறு உடைந்த குடைக்கு உத்தரவாதமும் இல்லை.

இரண்டு பூச்சுகளின் ஆயுளும் ஒன்றல்ல. வெளிப்பூச்சு, வழக்கமான பயன்பாட்டில், இரண்டு மழைக்காலங்கள் வரை நிற்கும். துளிகள் முத்தாக உருளாமல் துணியில் பரவி ஊறத் தொடங்கினால் அது தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போதும் உள்ளே ஒழுகாது. ஆனால் குடை கனக்கும், உலர நேரமாகும். காய்ந்த துணியின்மேல் முடி உலர்த்தியை மிதமான சூட்டில் காட்டினால் உருளும் தன்மை ஓரளவு மீளும். உட்பூச்சு நான்கு ஆண்டுகள் வரை உழைக்கக்கூடியது. அதன் எதிரி மழை அன்று, ஈரத்தோடு சுருட்டி உறையில் போட்டு வைக்கும் பழக்கம்தான். ஈரமும் வெப்பமும் சேர்ந்து பாலியூரித்தேனைச் சிதைப்பதால், பூச்சு பிசுபிசுத்து, வாடையடித்து, செதில் செதிலாக உரியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது விரைவாகவே நிகழும். எனவே வீட்டுக்கு வந்ததும் குடையை விரித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நெடுநேரம் காயவிட்டால் நிறமும் பூச்சும் கெடும். கடலோரம் பயன்படுத்திய நாளில் நல்ல தண்ணீரால் அலசுங்கள், ஏனெனில் கம்பிகளின் இணைப்பாணிகளும் பொத்தானுக்குள் இருக்கும் சுருள்வில்லும் எஃகால் ஆனவை. சோப்புத்தூளும் தூரிகையும் வேண்டாம்.

விலை ரூ. 1,150. கம்பி, தண்டு, திறக்கும் பொத்தான் ஆகியவற்றுக்கு வாங்கிய நாளிலிருந்து 18 மாதமும், உட்பூச்சு உரிதலுக்கு 12 மாதமும் உத்தரவாதம் உண்டு. வெளிப்பூச்சு தேய்வது பயன்பாட்டின் இயல்பு என்பதால் அதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒற்றைக் கம்பி முறிந்தால் ரசீதுடன் எங்கள் கடலூர் கடையிலோ புதுச்சேரி கடையிலோ கொடுங்கள். உத்தரவாதக் காலத்திற்குப் பின்னரும் ரூ. 60 கட்டணத்தில் மாற்றித் தருகிறோம்.