முடிவுகள் மீதான விவாதம்: பழ ஈயின் எச்ச இறக்கை, கருநிற உடல் இருபண்புக் கலப்பு

F2 தலைமுறையில் எண்ணப்பட்ட 416 ஈக்களும் 9:3:3:1 விகிதத்தில் 234, 78, 78, 26 எனப் பிரிந்திருக்க வேண்டும். கிடைத்தவையோ இயல்பானவை 262, கருநிற உடல் மட்டும் உடையவை 80, எச்ச இறக்கை மட்டும் உடையவை 58, இரண்டு பண்புகளும் உடையவை 16. கை வர்க்க மதிப்பு 12.38, கட்டின்மை எண் 3-க்கான 5% எல்லை 7.815 என்பதால், இவ்விலகலைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் மெண்டலின் சார்பின்றி ஒதுங்கும் விதி பொய்த்தது என்றும் இதற்குப் பொருளில்லை. பண்புகளைத் தனித்தனியே பார்த்தால், உடல் நிறம் 320:96 என 3:1-க்கு நெருக்கமாகவே அமைகிறது (கை வர்க்கம் 0.82), இறக்கையோ 342:74 என வெகுவாக விலகுகிறது (11.54). எச்ச இறக்கை ஈக்கள் 74, கருநிற ஈக்கள் 96 என்றே வைத்துக்கொண்டு, இரு பண்புகளும் சார்பின்றிச் சேர்ந்தால் எதிர்பார்க்கப்படும் இரட்டை ஒடுங்கு ஈக்கள் ஏறத்தாழ 17, கிடைத்தவை 16. ஆகவே பிணைப்பைக் காரணம் காட்ட இடமில்லை. இரு ஜீன்களும் முறையே இரண்டாம், மூன்றாம் குரோமோசோம்களில் இருப்பதும் இதனோடு ஒத்துப்போகிறது. குறைபாடு முழுவதும் எச்ச இறக்கை வகையைச் சார்ந்ததே.

இவ்வகை ஈக்கள் லார்வா, கூட்டுப்புழு நிலைகளில் இயல்பான ஈக்களைவிடக் குறைவாகவே பிழைக்கின்றன, வளர்ச்சியும் சற்றுத் தாமதமாகிறது. லார்வாக்கள் நெருக்கமாக இருந்த குப்பிகளில் இவ்வேறுபாடு மேலும் கூடியிருக்கும். F3 ஈக்கள் கலந்துவிடாதிருக்க எண்ணிக்கை 14-ஆம் நாளில் நிறுத்தப்பட்டபோது, குப்பிச் சுவர்களில் பிளவுபடாத கூட்டுப்புழுக்கள் இன்னும் ஒட்டியிருந்தன. தாமதமாக வெளிவரவிருந்தவற்றில் எச்ச இறக்கை ஈக்களின் பங்கு கூடுதலாக இருந்திருக்க வாய்ப்புண்டு. பறக்க இயலாத இந்த ஈக்கள் ஈரமான ஊடகத்தில் சிக்கி இறப்பதும் வழக்கம். அவ்வாறு ஊடகத்தில் புதைந்து, இறக்கையை அடையாளம் காண முடியாமல் விடப்பட்டவை 19. அவை அனைத்தும் எச்ச இறக்கை ஈக்களே என்று கொண்டால் இறக்கைக்கான கை வர்க்கம் 3.04 ஆகக் குறைந்து, 3.84 என்ற எல்லைக்குள் வந்துவிடும். இது மிகைப்பட்ட அனுமானம்தான்; ஆயினும் முடிவு எத்தனை சில ஈக்களைச் சார்ந்து நிற்கிறது என்பதை இது காட்டுகிறது.

வகைப்படுத்தலில் நேரும் பிழை இதைவிடச் சிறிது. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈயின் உடல் வெளிறியிருப்பதால், கருநிற ஈயை இயல்பானதாக எண்ணிவிடலாம். உடல் நிறத்தில் காணப்படும் சிறு விலகல் அதே திசையில்தான் உள்ளது. விரியாத இளம் இறக்கையை எச்ச இறக்கை என்று கருதும் பிழையோ எதிர்த்திசையில் செயல்படும். எனவே அது இக்குறைபாட்டை விளக்காது.

பெற்றோர் பெண் ஈக்கள் ஏற்கெனவே இனச்சேர்க்கை செய்திருந்தனவா என்ற ஐயத்திற்கும் இடமில்லை. பெண் பெற்றோர் எச்ச இறக்கை வகையைச் சேர்ந்தவை. தம் வகை ஆண் ஈக்களோடு முன்பே சேர்ந்திருந்தால் F1-இல் எச்ச இறக்கை ஈக்கள் தோன்றியிருக்கும், ஆனால் F1 முழுவதும் இயல்பாகவே இருந்தது. மறுசோதனையில் ஒரு குப்பிக்கான பெற்றோர் எண்ணிக்கையைக் குறைத்து, எண்ணிக்கையை 18-ஆம் நாள் வரை நீட்டித்து, ஊடகத்தில் இறந்தவற்றையும் உருப்பெருக்கியின் கீழ் வகைப்படுத்தினால், பிழைப்புத்திறன் குறைவையும் எண்ணிக்கைப் பிழையையும் பிரித்தறிய முடியும்.