எம்30 கான்கிரீட்டுக்கான ஜல்லி பரிசோதனை: முடிவுகளின் சுருக்கம்

பொருள்: கிரஷரில் உடைத்த கருங்கல் ஜல்லி, 20 மி.மீ., 10 மி.மீ. இரண்டும்
மாதிரி எடுத்த நாள்: 14.07.2025
சோதனை முறை: ஐஎஸ் 2386 (பகுதி 1, 3, 4). வரம்புகள்: ஐஎஸ் 383:2016

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20 மி.மீ. ஜல்லியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 10 மி.மீ. ஜல்லியில் தட்டைக் கற்களும் நீளக் கற்களும் வரம்பைத் தாண்டியிருக்கின்றன, அதனால் இப்போது குவித்திருக்கும் 10 மி.மீ. குவியலைத் தூண் கான்கிரீட்டுக்கு எடுக்க வேண்டாம். மற்ற சோதனைகளில் இரண்டுமே தேறிவிட்டன.

குவியலின் அடி, நடு, உச்சி என்று பல இடங்களில் அள்ளி, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து எடுத்த மாதிரி இது. உச்சியிலிருந்து மட்டும் அள்ளினால் பொடி அதிகமாகவே வரும், பெரிய கற்கள் உருண்டு அடியில் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

சல்லடைப் பகுப்பு

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒற்றை அளவு ஜல்லிக்கான வரம்புக்குள் இருக்கின்றன. 20 மி.மீ. ஜல்லியை மட்டும் போட்டுக் கான்கிரீட் கலக்க முடியாது, 10 மி.மீ. சல்லடையில் அதில் 5.9% மட்டுமே இறங்குகிறது, கற்களுக்கு இடையே உள்ள இடைவெளியை நிரப்ப ஆளே இல்லை. 60:40 என்ற எடை விகிதத்தில் கலந்தால் கிடைப்பது இது (இறங்கிய சதவீதம்):

| சல்லடை | 20 மி.மீ. ஜல்லி | 10 மி.மீ. ஜல்லி | 60:40 கலவை | 20 மி.மீ. தரவரிசை வரம்பு |
|---|---|---|---|---|
| 40 மி.மீ. | 100 | 100 | 100 | 100 |
| 20 மி.மீ. | 91.2 | 100 | 94.7 | 90–100 |
| 10 மி.மீ. | 5.9 | 93.6 | 41.0 | 25–55 |
| 4.75 மி.மீ. | 1.0 | 11.4 | 5.2 | 0–10 |

41.0 என்பது 25-க்கும் 55-க்கும் கிட்டத்தட்ட நடுவில் விழுகிறது. 70:30 போட்டாலும் 32.2 வந்து வரம்புக்குள் நிற்கும், ஆனால் கம்பி நெருக்கமாக இருக்கும் இந்தத் தூண்களுக்கு 60:40-தான் சரி என்பது என் கருத்து. 50:50 போனால் 49.8, உச்ச வரம்புக்கு அருகில் போய்விடுகிறோம், ஒரு லோடு கொஞ்சம் பொடியாக வந்தாலே வெளியே போய்விடும்.

தட்டைக் கல், நீளக் கல்

சராசரி அளவில் 0.6 பங்கை விட மெலிந்த கல் தட்டை, 1.8 மடங்கை விட நீண்ட கல் நீளம். முதலில் தட்டைக் கற்களைப் பிரித்து, மிச்சமிருக்கும் கற்களில் மட்டும் நீளக் கற்களைப் பார்த்து, இரண்டு சதவீதங்களையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 40-க்கு மேல் போகக் கூடாது.

20 மி.மீ. ஜல்லியில் மூன்று பிரிவுகளையும் சேர்த்து 4,240 கிராம், அதில் தட்டை 585 கிராம், அதாவது 13.8%. மீதி 3,655 கிராமில் நீளம் 512 கிராம், 14.0%. கூட்டினால் 27.8%, நல்ல கல்.

10 மி.மீ. ஜல்லியில் 10–6.3 மி.மீ. பிரிவை எடுத்தோம், 412 கிராம். 4.89 மி.மீ. இடுக்கில் ஒவ்வொரு கல்லாக நுழைத்துப் பார்த்ததில் 98 கிராம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது, 23.8%. மீதி 314 கிராமில் 57 கிராம் 14.7 மி.மீ.க்கு மேல் நீளம், 18.2%. கூட்டுத்தொகை 42.0%. எண்ணைப் பார்த்துச் சந்தேகம் வந்து, அதே குவியலிலிருந்து புதிதாக ஒரு மாதிரி எடுத்து மறுபடியும் செய்தோம், 41.6% வந்தது. ஆகவே இது கை தவறு இல்லை. தட்டையாக ஒதுக்கிய கற்களைத் தட்டில் பரப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் உடைந்த ஓட்டுச் சில்லு போல, ஓரம் கத்தி மாதிரி இருக்கின்றன. இரண்டு விரலால் அழுத்தியபோதே ஒன்றிரண்டு ஒடிந்தன.

இரண்டையும் 60:40-ல் சேர்த்துக் கணக்கிட்டால் 33.5% வருகிறது, அதைக் காட்டித் தேர்ச்சி கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தட்டைக் கல் கான்கிரீட்டில் படுத்துக்கொள்ளும், மேலே எழும் நீர் அதன் அடியில் தேங்கும், அந்த இடத்தில் சிமெண்ட் பசை கல்லைப் பிடிக்காது. அதே இளக்கத்துக்குத் தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். கம்பிகளுக்கு நடுவே நுழைய வேண்டியதும் இந்தச் சிறிய ஜல்லிதான். கான்கிரீட்டைச் சோதித்துப் பார்த்து வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் பொறுப்புப் பொறியாளருக்கு உண்டு, அது உங்கள் முடிவு. நான் கேட்பது, அடுத்த லோடு வந்ததும் மறு சோதனை, அதுவரை இந்தக் குவியலைத் தரைத்தளத்து வெற்றுக் கான்கிரீட்டுக்கு ஒதுக்குவது. கிரஷரில் தாடைத் தகடு தேய்ந்திருக்கிறதா, கடைசிக் கட்ட உடைப்புக்கு எந்த இயந்திரம் ஓடுகிறது என்றும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

மோதல் மதிப்பு

12.5-ல் இறங்கி 10-ல் தங்கிய உலர் ஜல்லி 338 கிராம், 380 மி.மீ. உயரத்திலிருந்து 15 அடி. 2.36 மி.மீ. சல்லடையில் இறங்கியது முதல் முறை 62 கிராம் (18.3%), இரண்டாம் முறை 66 கிராம் (19.5%). சராசரி 19%. தேய்மானம் உள்ள தளத்துக்கே 30% வரை அனுமதி, மற்ற கான்கிரீட்டுக்கு 45%. கல் உறுதியானது, இதில் கவலை இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தச் சோதனைக்கான அளவு 20 மி.மீ. குவியலிலிருந்துதான் கிடைத்தது, அதனால் இந்த 19% அந்த மெலிந்த சில்லுகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நீர் உறிஞ்சல்

20 மி.மீ.: 24 மணி நேரம் ஊறி, துணியால் மேற்பரப்பைத் துடைத்த பின் 2,023 கிராம், அடுப்பில் உலர்த்திய பின் 2,012 கிராம். உறிஞ்சல் 0.55%, ஒப்படர்த்தி 2.72.

10 மி.மீ.: 1,008.6 கிராம் உலர்ந்து 998.8 கிராம் ஆனது, 0.98%.

ஒப்பந்தத்தில் 2% வரை அனுமதி, இரண்டும் தேறின. ஆனால் இந்த எண்கள் கோப்பில் தூங்கினால் பயனில்லை, பேட்ச் போடுபவர் கையில் இருக்க வேண்டும். 14-ம் தேதி குவியலில் இருந்த ஈரம்: 20 மி.மீ.யில் 0.2%, 10 மி.மீ.யில் 1.9%. ஒரு கன மீட்டருக்கு 690 கிலோ, 460 கிலோ என்று மேற்பரப்பு உலர்ந்த நிலையில் கணக்கிட்ட கலவையில், 20 மி.மீ. ஜல்லி 2.4 லிட்டர் குடிக்கும், 10 மி.மீ. ஜல்லி 4.2 லிட்டர் கொடுக்கும். ஆக, ஊற்றும் தண்ணீரில் 1.8 லிட்டர் குறைக்க வேண்டும், ஜல்லியை 687.6, 464.2 கிலோ என்று நிறுக்க வேண்டும். மழைக்குப் பிறகு 10 மி.மீ.யின் ஈரம் 3% ஆனால் அது மட்டுமே 9 லிட்டருக்கு மேல் தண்ணீர் தரும், அப்போது பழைய அளவில் ஊற்றினால் கனசதுர வலிமை நிச்சயம் இறங்கும். எனவே தினமும் காலையில் முதல் பேட்சுக்கு முன் ஈரம் பார்த்தாக வேண்டும், மழை பெய்த நாளில் மதியமும் பார்க்க வேண்டும். இந்த 690, 460 கணக்கு விகிதத்தையும் ஈரத் திருத்தத்தையும் காட்டத்தான், மாற்று 10 மி.மீ. லோடு வந்ததும் அதன் உறிஞ்சலை வைத்துத் திருத்தத்தை மறுபடி போட்டுத் தருகிறேன்.

மறு சோதனைக்குக் குறைந்தது 25 கிலோ மாதிரி வேண்டும், லாரியிலிருந்து நேராக அள்ளாமல் கொட்டிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். மாதிரி காலையில் வந்தால் சல்லடை, தட்டை, நீளம் மூன்றும் அன்று மாலைக்குள் முடிந்துவிடும், உறிஞ்சலுக்கு மட்டும் ஊறவைத்து உலர்த்த இரண்டு நாள் ஆகும்.