ஏழு பயனர்களுக்குக் கூடுதலாகப் போட்ட பில்லைத் திருத்தித் தரக் கோரும் கடிதம்

புதுச்சேரி,
4.7.2025

அனுப்புநர்:
சு. கலைவாணி,
உரிமையாளர், குழாய் மற்றும் சானிட்டரி பொருள்கள் மொத்த விற்பனை நிலையம்,
காமராஜர் சாலை, புதுச்சேரி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கணக்குப் பிரிவு, பில்லிங் மென்பொருள் நிறுவனம்,
சென்னை.

பொருள்: 1.7.2025 தேதியிட்ட SUB/25-26/1187 எண் பில்லில் 9 பயனர்களுக்குப் பதிலாக 16 பயனர்களுக்குக் கட்டணம் விதித்திருப்பது – திருத்தம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு உங்கள் பில் வந்து சேர்ந்தது. ஒரு பயனருக்கு மாதம் ரூ.750 என்ற கணக்கில் 16 பேருக்கு ரூ.36,000, அதன்மேல் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. ரூ.6,480, ஆக மொத்தம் ரூ.42,480 கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கடையில் மென்பொருளைத் திறந்து வேலை பார்ப்பவர்கள் 9 பேர்தான். அவர்களுக்கு வரியுடன் ரூ.23,895 ஆகிறது. கூடுதலாகக் கேட்கப்பட்டிருப்பது ரூ.18,585.

அந்த ஏழு பேர் யார் என்று பயனர் பட்டியலை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தேன். நான்கு பேர் எங்கள் வில்லியனூர் கிடங்கில் இருந்தவர்கள். கிடங்கை மூடியதும் ஜூன் 12 அன்று அவர்களுடைய கணக்குகளை நிறுத்தினோம். திரையில் நால்வருக்கும் Inactive என்றே காட்டுகிறது. நிறுத்தப்பட்டதை உறுதிசெய்து உங்கள் சேவைப் பிரிவு மறுநாளே மின்னஞ்சல் அனுப்பியது. இரண்டு கணக்குகள், மென்பொருளை நிறுவ வந்த உங்கள் ஊழியர் பயிற்சிக்காகத் தாமே உருவாக்கியவை. அவற்றின் கடவுச்சொல் கூட எங்களிடம் இல்லை. மீதமுள்ள ஒன்று எங்கள் ஆடிட்டருடையது. கணக்குகளைப் பார்க்க மட்டும் அனுமதி உள்ள ஆடிட்டர் கணக்குக்குக் கட்டணம் கிடையாது என்று நம் ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. காலாண்டின் முதல் நாளில் Active நிலையில் இருக்கும் பயனர்களுக்கு மட்டுமே கட்டணம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது, எண்ணிக்கையைக் கணினியே எடுத்துக்கொள்கிறது, இப்போது முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள், அடுத்த காலாண்டில் கழித்துக்கொள்ளலாம் என்று உங்கள் ஊழியர் பதில் சொன்னார். பொறுமையாகத்தான் பேசினார், அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியாது. ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புதிதாக வீட்டு வேலை தொடங்குவதில்லை. குழாய் வியாபாரம் படுத்துவிடும் மாதம் அது. அந்த நேரத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் என்பது கடைப் பையன்கள் இருவரின் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பணம். அதோடு, வாங்காத சேவைக்கு உள்ளீட்டு வரி வரவு எடுப்பது முறையல்ல என்று எங்கள் ஆடிட்டரும் சொல்லிவிட்டார். பட்டியலைச் சரிசெய்யாமல் விட்டால் அக்டோபரிலும் 16 என்றுதான் பில் வரும்.

உங்கள் பில் மின் விலைப்பட்டியலாக, க்யூ.ஆர். குறியீட்டுடன் வந்திருக்கிறது. 24 மணி நேரம் கடந்துவிட்டதால் அதை இணையதளத்தில் இனி ரத்து செய்ய இயலாது என்பது எனக்குத் தெரியும். எனவே மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ரூ.15,750-க்கும் அதற்கான ஐ.ஜி.எஸ்.டி. ரூ.2,835-க்கும் கிரெடிட் நோட் வழங்குங்கள். அதில் மேற்கண்ட பில்லின் எண்ணும் தேதியும், 34 என்று தொடங்கும் எங்கள் புதுச்சேரி ஜி.எஸ்.டி. எண்ணும் இடம்பெற வேண்டும். ஜூலை மாதத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தை ஆகஸ்டு 11-க்குள் தாக்கல் செய்வீர்கள். அதிலேயே இதையும் சேர்த்துவிட்டால் இரு தரப்புக் கணக்கும் ஒரே மாதத்தில் நேராகிவிடும். பயிற்சிக் கணக்குகள் இரண்டையும் உங்கள் தரப்பிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

நாங்கள் தர வேண்டிய ரூ.23,895-ஐ இன்று காலையே உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். ஆகவே ஜூலை 15 அன்று வங்கியிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை இந்தப் பில்லுக்கு நிறுத்திவையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. கெடு தேதிக்குள் முழுத் தொகை வராவிட்டால் மென்பொருள் பூட்டப்படும் என்று பில்லின் அடியில் அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் சரக்கில் பெரும்பகுதி கடலூருக்கும் பண்ருட்டிக்கும் போகிறது. முள்ளோடையைத் தாண்டினால் அடுத்த மாநிலம்; ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கென்றால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகராது. பில்லும் இ-வே பில்லும் உங்கள் மென்பொருளிலிருந்துதான் எடுக்கிறோம். அது ஒரு நாள் பூட்டப்பட்டாலும் சரக்கு ஏற்றிய வண்டி கடை வாசலிலேயே நிற்கும். காத்திருக்கும் கடைக்காரர் வேறு இடத்தில் வாங்கிவிடுவார். உரிய தொகையைச் செலுத்திவிட்ட எங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது. இந்த விவகாரம் தீரும் வரை சேவை தடைபடாது என்பதை ஜூலை 10-க்குள் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
சு. கலைவாணி

இணைப்பு: பில்லின் நகல், பயனர் பட்டியலின் திரைப் படம், ஜூன் 13 மின்னஞ்சல், ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு, பணம் அனுப்பியதற்கான வங்கி ரசீது.