அரை மணி நேரம் கேட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். நான் சுகந்தி, கட்டபெட்டு. செவ்வாய்க்கிழமை டீ டேஸ்டிங் படிப்பைப் பற்றிக் கேட்கக் குன்னூருக்கு வந்து உங்கள் மதியச் சாப்பாட்டை ஆற வைத்தவள்.

முதலில் அதற்கு மன்னிப்பு. பதினொரு மணிக்கு அரை மணி நேரம் போதும் என்று எழுதித்தான் நேரம் கேட்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு நானே எழுந்திருக்க வேண்டும். ‘உட்காரும்மா, இந்த வரிசையை முடிச்சிட்டுப் போ’ என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி வரை உட்கார்ந்துவிட்டேன். உங்கள் டிபன் கேரியர் மேசை ஓரத்தில் இருந்தது எனக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. தெரிந்தும் கேள்வி கேட்டேன், அதுதான் உண்மை.

அன்றைக்கே நன்றி எழுதியிருக்க வேண்டியது. மூன்று நாள் தள்ளிப் போனதற்குக் காரணம் நீங்கள் கேட்ட ஒரு கேள்விதான்.

நான் கொண்டு வந்த கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும்: டீ டேஸ்டர் ஆக பெங்களூர் தோட்ட மேலாண்மை நிறுவனத்தில் படிப்பதா, ஜோர்ஹாட்டில் அஸ்ஸாம் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போவதா? நோட்டில் இரண்டு பத்தி போட்டு, கட்டணம், காலம் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். நீங்கள் நோட்டைப் பார்த்தீர்கள், சிரித்தீர்கள், மூடி வைத்தீர்கள். அப்புறம் ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தி, ‘இதுல என்ன கெட்டுப்போச்சு, சொல்லு’ என்றீர்கள்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. கரண்டியில் எடுத்து உங்களை மாதிரி சத்தமாக உறிஞ்சப் பார்த்தேன், புரையேறியது. துப்பச் சொன்னதை மறந்து விழுங்கவும் செய்தேன். (அன்று மொத்தம் எட்டுக் கோப்பை விழுங்கினேன் மேடம். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை.) புகை வாடையோ என்று உளறினேன். இல்லை என்றீர்கள். கோப்பை மூடியில் கவிழ்த்து வைத்திருந்த வெந்த இலையைக் காட்டினீர்கள். பக்கத்துக் கோப்பையின் இலை புதுச் செம்புக் காசு மாதிரி மினுங்கியது, இது பழைய கோணிக் கலரில் மங்கிக் கிடந்தது. குனிந்து முகர்ந்து பார் என்றீர்கள்.

முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் மூன்று மணிக்கு அடிக்கிற வாடை அது. லீஃப் ஏஜென்ட் வண்டி வராத நாட்களில், கட்டி வைத்த மூட்டைக்குள் கொழுந்து வெந்துபோகிற வாடை. நான் பிறந்ததிலிருந்து அதை முகர்ந்துகொண்டுதான் இருக்கிறேன், அதற்கும் கோப்பைக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை. பாக்டரிக்குப் போய் வாட்டும் தொட்டியில் விரித்த பிறகுதான் டீ ஆரம்பிக்கிறது என்று நினைத்திருந்தேன். பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, அமுக்கிக் கட்டினால் சூடு போக வழியில்லாமல் உள்ளேயே சிவக்கிறது, அப்படி வந்த இலையை எந்த மெஷினும் காப்பாற்றாது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

‘உங்க வீட்டு மூட்டை வண்டி ஏறுறதுக்கு எத்தனை மணி நேரம் ஆகுது?’ என்று அப்போது கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கம்தான் மூன்று நாளாக என்னை எழுத விடவில்லை. பதிலோடு எழுதலாம் என்று இருந்தேன்.

இதோ பதில். புதன்கிழமை காலைப் பறிப்பு பத்தரை மணிக்கு மூட்டை கட்டியாயிற்று. வண்டி வந்தது மூன்றேகாலுக்கு. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், பாதி நேரம் வெயிலில். அவிழ்த்து நடுவில் கையை விட்டேன். சாதம் வடித்த பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. அப்பாவையும் கை விடச் சொன்னேன். ‘இது எப்பவும் இப்படித்தானே இருக்கும்’ என்றார். எடுத்துக் காட்டிய இலையில் காம்பு ஓரம் சிவந்திருந்தது.

வியாழக்கிழமை இரண்டு மூட்டையை உர சாக்குக்குப் பதில் வலைப் பையில், அமுக்காமல், கொட்டகை நிழலில் வைத்தோம். மூன்று மணிக்குக் கை விட்டால் வெதுவெதுப்புதான். அப்பா உடனே சமாதானமாகிவிடவில்லை. எல்லார் இலையும் ஒரே லாரியில்தானே போகிறது, நாம் மட்டும் பாடுபட்டு என்ன, டீ போர்டு மாதாமாதம் அறிவிக்கிற விலைதானே நமக்கும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வலைப் பை என்ன விலை என்று நேற்று ராத்திரி அவராகவே யாருக்கோ போன் போட்டுக் கேட்டார்.

படிப்பு விஷயம்: முதலில் ஒரு சீசன் பாக்டரியில் வாட்டும் தொட்டிப் பக்கம் நில், ராத்திரி ஷிப்டும் பார், அப்புறம் படிப்பைப் பற்றி யோசி என்றீர்கள். அப்படியே செய்யப் போகிறேன். நாக்குக்கு ஞாபகம் வர வருஷங்கள் ஆகும், சர்டிபிகேட் அதைச் சீக்கிரப்படுத்தாது என்று நீங்கள் சொன்னதை நோட்டில் அந்த இரண்டு பத்திக்கு மேலேயே எழுதி வைத்துவிட்டேன். டேஸ்டிங்குக்கு முன் பூண்டு கூடாது என்றதை மட்டும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ரசத்துக்கு அது பெரிய அடி.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பாக்டரி மேலாளரிடம் சொல்லி வைப்பதாகச் சொன்னீர்கள். அவருக்கு அனுப்ப வசதியாக என் விவரங்களை ஒரே பக்கத்தில் இத்துடன் இணைத்திருக்கிறேன். டிசம்பரிலிருந்து எந்த ஷிப்டுக்கும் வர முடியும். உங்களுக்குச் சௌகரியப்பட்டபோது சொன்னால் போதும், இப்போது ஏல வேலை நெருக்கும் என்று தெரியும்.

கடைசியாக, நான் கேட்காமலே நீங்கள் சொன்ன பழைய ஏலக் கதைகளுக்கும் நன்றி. 1963-ல் குன்னூரில் ஏலம் தொடங்கியது எனக்குப் புத்தகத் தகவல். சுத்தியல் விழுவதற்கு முந்தின அந்த அரை நொடியில் ஹால் எப்படி அமைதியாகும் என்று நீங்கள் சொன்னது புத்தகத்தில் கிடையாது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது, சத்தமே இல்லை என்று சொல்லும்போது உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தக் கதைக்காகத்தான் நான் ஒன்றேகால் மணிக்கும் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் கொடுத்தனுப்பிய குடை இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்ட் போவதற்குள் முழுக்க நனைந்திருப்பேன். திங்கட்கிழமை குன்னூர் வருகிறேன், வாசலில் செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன், உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது, அப்பா உள்ளே கம்பி சுற்றி இறுக்கியிருக்கிறார்.

நன்றியுடன்,
சுகந்தி
கட்டபெட்டு